ஆறு பிள்ளைகள், ஒரு போன், ஒரு சுவர்

கோடை விடுமுறையில் பிள்ளைகளைப் போட்டோ எடுக்கத் தெருவுக்குக் கூட்டிப் போகலாம் என்றதும் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எல்லார்கிட்டயும் போன் இருக்கா?" என்பதுதான். இல்லாவிட்டால்தான் இந்த வேலை நன்றாக நடக்கும் என்பது என் கட்சி. ஆளுக்கொரு போன் இருந்தால் ஆளுக்கொரு பக்கம் போவார்கள். கண்ணில் பட்டதையெல்லாம் அழுத்துவார்கள். வீட்டுக்கு வந்தபின் அந்தப் படங்களை யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஆறு பேருக்கு ஒரே போன் என்றால் தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருப்பவருக்குச் சுற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. அழுத்துவதற்கு முன்பே ஒரு தேர்வு நடந்துவிடும். எடுத்த படங்களில் எவை சுவருக்குப் போகும் என்று உட்கார்ந்து வாதாடுவது இரண்டாவது தேர்வு. அது முதலாவதைவிடக் கடினம், சுவையும் அதிகம்.

இதற்குக் காரைக்குடிப் பக்கம் தோதான இடம். செட்டிநாட்டு வீடுகளில் வடிவங்களுக்குப் பஞ்சமே இல்லை. நிலைக்கதவின் செதுக்கல், சன்னல் கம்பி, ஓட்டு வரிசை, முற்றத்துத் தூண், எல்லாவற்றுக்கும் மேலாகத் தரையில் ஆத்தங்குடிக் கல். செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றவை. பெரிய வீடுகள்தான் வேண்டும் என்றில்லை. பாத்திரக் கடை, இழுகதவு போட்ட பெட்டிக்கடை, சாக்கடை மூடி இருக்கிற எந்தத் தெருவும் போதும். கோயிலை மட்டும் வெளியிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது.

கிளம்பும் முன் போனைத் தயார் செய்ய வேண்டும். பிள்ளைகள் கைக்குப் போவது யாரோ ஒருவருடைய போன். அதில் வீட்டுப் படங்களும் வங்கிச் செய்திகளும் இருக்கும். ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, பூட்டைத் திறக்காமல், பூட்டிய திரையிலிருந்தே கேமராவைத் திறந்து கொடுத்தால் போதும். அப்படித் திறந்தால் அந்த நேரத்தில் எடுக்கும் படங்கள் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். பழைய ஆல்பத்துக்குள் போக முடியாது. ஃபிளாஷையும், படத்தோடு இடத்தைப் பதிவு செய்யும் வசதியையும் அணைத்துவிட வேண்டும். திரையில் ஒன்பது கட்டம் காட்டும் கோடுகளைப் போட்டுக்கொள்ள வேண்டும். கழுத்தில் மாட்டும் கயிறு வைத்த உறை ஒன்று கிடைத்தால் எல்லாருக்கும் நிம்மதி. லென்ஸைத் துடைக்க ஒரு பருத்தித் துணி அவசியம். மங்கலாக வந்த படங்களில் பாதிக்குக் காரணம் விரல் எண்ணெய்தான். வெயிலைப் பார்த்து எடுக்கும்போது படம் முழுக்கப் பால் தெளித்தது போலிருந்தால் முதலில் லென்ஸைத் துடைத்துப் பாருங்கள்.

கையில் போன் இல்லாதவருக்கு ஒரு அட்டைச் சட்டம். பழைய கல்யாணப் பத்திரிகையில் 6 சென்டிமீட்டர் நீளம், 4.5 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை வெட்டினால் போன் படத்தின் அதே விகிதம் கிடைத்துவிடும். அதைக் கண்ணருகே பிடித்தால் அகலமான காட்சி, கையை நீட்டிப் பிடித்தால் நெருக்கமான காட்சி. காத்திருக்கும் பிள்ளை இதை வைத்துத்தான் தேட வேண்டும். தன் முறை வந்ததும், "நான் எடுக்கப்போறது இது, இங்கருந்து இதுவரைக்கும்" என்று அட்டைக்குள் காட்டிவிட்டுத்தான் போனை வாங்க வேண்டும். ஒரு முறைக்கு மூன்று படம். எடுத்ததைப் பார்க்கலாம், அழிக்கக் கூடாது. வண்டி வருகிறதா என்று பார்க்க ஒருவர், எண்ணும் இடமும் குறித்துக்கொள்ள ஒருவர் என்று வேலையும் முறை மாறிக்கொண்டே வரும். ஆறு பேர், நான்கு சுற்று, மூன்று படம் என்றால் மொத்தம் 72. அதற்கு மேல் வேண்டாம்.

எந்தப் படம் யாருடையது என்ற சண்டை கட்டாயம் வரும். சினிமாக்காரர்களின் கிளாப் பலகை மாதிரி, ஒவ்வொருவரும் தன் முறை தொடங்கும்போது நோட்டில் பெரிதாக எழுதிய தன் எண்ணை முதலில் ஒரு படம் எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. இது அந்த மூன்றில் சேராது.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். கோடையில் ஒன்பதுக்கு மேல் அந்த ஊர்த் தெருவில் பிள்ளைகளை நிறுத்த முடியாது என்பது ஒரு காரணம். சாய்ந்து விழும் வெயில் இன்னொரு காரணம். கதவின் செதுக்கல் மேல் பக்கவாட்டில் வெயில் விழுந்தால் ஒவ்வொரு இதழுக்கும் ஒரு நிழல் உண்டு. உச்சி வெயிலில் அதே கதவு தட்டையான பலகைபோல்தான் தெரியும்.

முதல் சுற்றில் எல்லாரும் பொருளைத்தான் எடுத்தார்கள். கதவு, சைக்கிள், ஆடு. தேடி வந்தது வடிவமும் அமைப்பும். மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'அமைப்புகள்' என்று ஒரு பகுதியே இருக்கிறது. அதைப் படித்த பிள்ளைகளுக்கும் தெருவில் அது உடனே கண்ணில் படுவதில்லை. விளக்கம் சொல்வதைவிட ஒரு சோதனை வைப்பது மேல். படத்தின் ஓரத்துக்கு அந்தப் பக்கம் அடுத்து என்ன வரும் என்று பார்க்காமலே சொல்ல முடிகிறதா? இழுகதவின் வரிகளை எடுத்தால் சொல்லிவிடலாம், அது அமைப்பு. ஒற்றைப் பூட்டை எடுத்தால் சொல்ல முடியாது, அது வடிவம். இரண்டுமே வேண்டும். எதை எடுக்கிறோம் என்று தெரிந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தச் சோதனையைச் சொன்னதும் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "அப்ப ஆடு அமைப்பு இல்ல, ஆட்டு மந்தை அமைப்பா அத்தை?" என்று கேட்டாள். மந்தையில் அடுத்த ஆடு எங்கே நிற்கும் என்று சொல்ல முடியுமா என்று அவளையே திருப்பிக் கேட்டேன். பாதி வழி வரை அதை யோசித்துக்கொண்டே வந்தாள்.

பாத்திரக் கடை வாசலில் அடுக்கி வைத்திருந்த எவர்சில்வர் தட்டுகளை ஒரு பையன் பக்கவாட்டில் நின்று எடுத்தான். படத்தில் வட்டம் நசுங்கி நீள்வட்டமாகிவிட்டது. வட்டம் வட்டமாக வர வேண்டுமானால் போனின் முகமும் தட்டின் முகமும் ஒன்றை ஒன்று நேராகப் பார்க்க வேண்டும். உயரமான சன்னலைக் கீழிருந்து போனைச் சாய்த்து எடுத்தால் இரண்டு பக்கக் கோடுகளும் மேலே போகப்போக நெருங்குவதும் இதே விஷயம்தான். பின்னால் நகர்ந்து, போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்தால் கோடுகள் நேராக நிற்கும். அப்படி எடுக்கும்போது தரை நிறைய வந்துவிடும். அதை அப்புறம் வெட்டிக்கொள்ளலாம். சன்னல் கம்பிக்கு உள்ளே நின்று எடுத்தால் வேறொரு தந்திரம். திரையில் வெளிச்சமான வானத்தின் மேல் விரலால் தொட்டால் கம்பி கன்னங்கரேல் என்று ஆகி, கோலம் மட்டும் தனியாக நிற்கும். கம்பியின் மேல் தொட்டால் கம்பியின் துருவும் பெயிண்டும் தெரியும், வெளியே வெளுத்துப் போகும். இரண்டையும் ஒரே பிள்ளை அடுத்தடுத்து எடுத்துப் பார்த்தால் போதும், பெரிய விளக்கம் தேவைப்படாது.

ஒரு வீட்டு வாசலில் ஆச்சி ஒருவர் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். யார் வீடானாலும் கேட்காமல் எடுக்கக் கூடாது, ஆள் முகம் வேண்டாம் என்பது நாங்கள் வைத்திருந்த விதி. எங்களில் மிகச் சின்னவன், ஏழு வயது, அவன்தான் கேட்டான்: "ஆச்சி, உங்க வீட்டுத் தரையப் போட்டோ எடுத்துக்கலாமா?"

"தரையவா? எடுத்துக்கப்பா. செருப்ப வெளியில விட்டுட்டு வா."

ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் அச்சு வைத்து, வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைத் தனித்தனியாகக் கையால் ஊற்றுவார்கள். அச்சை எடுத்தபின் மேலே உலர் கலவையும், அதன் மேல் சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, காய்ந்ததும் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். வழவழப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. சூளையில் சுடுவதே கிடையாது. கையால் ஊற்றுவதால் ஒரு கல்லின் கோடு பக்கத்துக் கல்லின் கோட்டோடு மயிரிழை பிசகித்தான் சேரும். பிள்ளைகள் குனிந்து பார்த்தபோது முதலில் கண்டுபிடித்தது அதைத்தான்.

தரையை எடுப்பது பார்க்கச் சுலபம், செய்ய வம்பு. ஏழு வயதுப் பிள்ளை போனை நெஞ்சு உயரத்தில் பிடித்தால் தரைக்கும் போனுக்கும் ஒரு மீட்டர்கூட இருக்காது. அந்தத் தூரத்தில் சாதாரண லென்ஸில் ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர் நீளத் தரை விழும். எட்டு அங்குலக் கல் என்றால் ஆறு கல். கூடவே எடுப்பவனின் கால்விரலும் விழும். போதாததற்கு வாசல் வெளிச்சம் வழவழப்பான கல்லில் பட்டு வெள்ளைப் பட்டையாகத் தெரியும். வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றால் பட்டை போய்விடும், பதிலுக்குத் தன் நிழல் விழும். வாசல் பக்கவாட்டில் இருக்கும்படி நிற்பதுதான் வழி. போனைத் தரைக்குச் சமமாகப் பிடித்திருக்கிறோமா என்பதற்குச் சில போன்களில் இரண்டு கூட்டல் குறிகள் தெரியும். ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால் சரி. அந்த வசதி இல்லாவிட்டால் கல்லின் விளிம்பும் திரைக் கோடும் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றனவா என்று பார்த்தால் போதும். கால்விரலைத் தவிர்க்க இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுக்கலாம். வெறும் வெட்டலாகவே இருந்தாலும், 12 மெகாபிக்சல் படத்தில் நடுவிலிருந்து 3 மெகாபிக்சல் மிஞ்சும். நாலுக்கு ஆறு அங்குலத் தாளில் தெளிவாக அச்சடிக்க இரண்டேகால் இருந்தாலே போதும். சின்னவன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டான். மூன்று படத்திலும் கால்விரல் இருந்தது.

திரும்பி வந்ததும் போனைச் சுற்றி ஆறு தலை குனிந்தால் ஒன்றும் நடக்காது. யார் கையில் போன் இருக்கிறதோ அவர் சொன்னதுதான் சட்டம் என்றாகிவிடும். அதனால் 72 படங்களையும் ஒரு தாளுக்கு ஒன்பது வீதம் எட்டுத் தாளில், கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, கத்தரித்து, தரையில் பரப்பினோம். கறுப்பு வெள்ளை செலவு குறைவு என்பதோடு இன்னொரு லாபமும் உண்டு. நிறம் போய்விட்டால் கண் கோட்டைத் தேடும். 'ஆஹா' போட வைத்த சிவப்புக் கதவு படம் இங்கே சாம்பல் பலகையாகக் கிடந்தது. யாரும் சீந்தாத சாக்கடை மூடி பளிச்சென்று எழுந்து நின்றது.

பின்னால் எண் மட்டும்தான், பெயர் கிடையாது. முதலில் மங்கலானவற்றையும் ஒரே மாதிரியானவற்றையும் ஒதுக்கினார்கள், பாதி போயிற்று. மிச்சத்தை வகை பிரிக்கச் சொன்னால் கதவெல்லாம் ஒரு குவியல், சன்னலெல்லாம் ஒரு குவியல் என்று போட்டார்கள். நான் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு, பொருளின் பெயரைச் சொல்லாமல் பிரிக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. பிறகு தட்டு அடுக்கும் மாட்டு வண்டிச் சக்கரமும் ஒரு குவியலுக்கு வந்தன. சன்னல் கம்பியும் ஓட்டு வரிசையும் ஒன்றாகப் போயின. எந்தக் குவியலிலும் சேராத நாலைந்து மிஞ்சின. வேலையின் சாரம் இந்த இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். சக்கரத்தை எடுத்தவன் வேறு, தட்டை எடுத்தவள் வேறு. இரண்டும் பக்கத்தில் வந்ததும் இரண்டு பேரும் பார்க்காத ஒன்று மூன்றாவது ஆள் கண்ணில் படுகிறது.

ஓட்டெடுப்பை நான் நம்புவதில்லை. அழகான படமும், சத்தமாகப் பேசுபவரின் படமும்தான் ஜெயிக்கும். அதற்குப் பதில் மூன்று விதி வைத்தோம். சுவருக்கு 16 படம். ஒவ்வொருவருடையதும் இரண்டாவது இருக்க வேண்டும். தன் படத்துக்குத் தானே பரிந்து பேசக் கூடாது, வேறொருவர் பேசலாம். கால்விரல் படத்தைத் தூக்கிவிடலாம் என்று நாலு பேர் சொன்னார்கள். ஆட்டு மந்தைப் பெண்தான் அதை எடுத்து, ஐந்து இதழ்ப் பூ செதுக்கிய கதவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

அச்சுக்குக் கொடுக்கும்போது இரண்டு இடத்தில் ஏமாறுவோம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிப் போகும். டாகுமெண்டாக அனுப்ப வேண்டும், அல்லது பென் டிரைவில் கொடுக்க வேண்டும். இரண்டாவதைப் பலரும் கவனிப்பதில்லை. போன் படம் நாலுக்கு மூன்று விகிதம். ஸ்டுடியோ தாளோ ஆறுக்கு நாலு. ஆறு அங்குல அகலத்துக்குப் படத்தை நிரப்பினால் உயரம் நாலரை வரும். அரை அங்குலத்தை மேலும் கீழுமாக வெட்டிவிடுவார்கள். முகம் இருக்கும் படத்தில் இது தெரியாது. ஓரம் வரை எண்ணி வைத்து எடுத்த கட்ட வரிசையில் மேல் வரிசை பாதியாகி நின்றால் பிள்ளை அழுதுவிடும். "ஓரம் வெட்டாம, வெள்ளை விட்டுப் போடுங்கண்ணே" என்று முன்கூட்டியே சொன்னால் போட்டுத் தருவார்கள்.

மாட்டியது கிளை நூலகத்துச் சுவரில், நூலகரிடம் கேட்டுத்தான். சுண்ணாம்படித்த சுவரில் டேப் நிற்காது. தூளோடு உரிந்து வந்துவிடும். இரண்டு ஆணிக்கு நடுவே சணல் கயிறு கட்டி, துணி கிளிப்பில் தொங்கவிட்டோம். அருங்காட்சியகங்களில் படத்தின் நடு ஏறக்குறைய 145 சென்டிமீட்டர் உயரத்தில் வரும்படி மாட்டுவார்கள். அது பெரியவர் கண்ணுக்கான உயரம். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளையின் கண் 115 சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே நடு அங்கே. பெரியவர்கள் கொஞ்சம் குனியட்டும்.

எப்படி அடுக்குவது என்பதற்கு ஒரு ஜெர்மன் தம்பதியின் கதையைச் சொன்னேன். பெர்ன்ட் பெஹரும் ஹில்லா பெஹரும் 1959 தொடங்கிப் பல பத்தாண்டுகள் தண்ணீர்த் தொட்டிக் கோபுரங்களையும் ஊதுலைகளையும் படமெடுத்தார்கள். மேகமூட்டமான வானம், ஒரே மாதிரியான கோணம், சட்டத்தை நிறைக்கும் ஒரே அளவு. பிறகு ஒன்பதோ பதினைந்தோ படங்களைக் கட்டம் கட்டமாகச் சேர்த்து மாட்டினார்கள். தனியாகப் பார்த்தால் அது வெறும் தொட்டி; சேர்த்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று எங்கே வேறுபடுகிறது என்று கண் தானாக ஓடும். 1990இல் வெனிஸ் கலைத் திருவிழாவில் அவர்களுக்குக் கிடைத்த தங்கச் சிங்க விருது சிற்பத்துக்கானது, புகைப்படத்துக்கானது இல்லை. எங்கள் பிள்ளைகள் வட்டங்களை மட்டும் அப்படி இரண்டுக்கு இரண்டாக மாட்டினார்கள். மற்றவற்றை ஒரே வரிசையில், ஒவ்வொன்றும் அடுத்ததோடு ஏதோ ஒரு கோட்டில் தொடர்பு இருக்கும்படி.

ஒரு மூலையில் தனி விளையாட்டு. ஒரே ஒரு ஆத்தங்குடிக் கல்லை, அதன் நான்கு விளிம்பும் சட்டத்தோடு ஒட்டும்படி சதுரமாக எடுத்த படம் ஒன்று கிடைத்திருந்தது. ஒரு மூலையில் கால் வட்டம் உள்ள கல். அதை நான்கு பிரதி போட்டோம். கால் வட்டங்கள் நடுவில் கூடும்படி வைத்தால் முழு வட்டம். வெளியே பார்க்கும்படி திருப்பினால் நடுவில் வைரம்போல் ஒரு வெற்றிடம். ஒன்று விட்டு ஒன்று திருப்பினால் வேறு ஏதோ. ஒரு படத்தை நாலு திசையில் திருப்பலாம் என்பதால், நான்கு படத்துக்கு 4 × 4 × 4 × 4, மொத்தம் 256 விதம். செபாஸ்டியன் ட்ரூஷே என்ற பிரெஞ்சுத் துறவி, குறுக்கே இரண்டு நிறமாகப் பிரித்த சதுரக் கல்லை இப்படித் திருப்பித் திருப்பி என்னென்ன கோலம் வரும் என்று 1704இல் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். ஆச்சியை அழைத்து வந்து காட்டியபோது அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "கல்லு எங்க வீட்டுதுதான், இந்தப் பூ எங்க வீட்டுல இல்லையேப்பா" என்றார். கொத்தனார் எந்தப் பக்கம் திருப்பிப் பதித்தார் என்பதைப் பொறுத்தது அது என்று பிள்ளைகள் அவருக்கு நடத்திய பாடத்தைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

படத்தின் கீழே என்ன பொருள், எந்த வீடு என்று எழுதவில்லை. எண்ணும், எடுத்தவர் பெயரும், எடுத்தவர் கேட்க விரும்பும் ஒரு கேள்வியும் மட்டும். 'இதில் எத்தனை முக்கோணம்?' 'இந்தக் கோடு எங்கே முடியும்?' 'இது என்ன என்று சொல்லாமல் பக்கத்துப் படத்தோடு சேருங்கள்.' கிளிப்பில் தொங்குவதால் படிக்க வருகிறவர்கள் படங்களை இடம் மாற்றிவைத்துவிட்டுப் போகிறார்கள். பிள்ளைகளில் இரண்டு பேருக்கு அது பிடிக்கவில்லை. பழையபடி வைக்க நோட்டில் வரிசையை எழுதி வைத்திருக்கிறார்கள். மற்ற நாலு பேர், மாறியது நன்றாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம் என்கிறார்கள். பேச்சு இன்னும் முடியவில்லை.